திரையைப் பகிரும்போது எட்டிப்பார்க்கும் மெசேஜ்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

சென்னையில் நடக்கும் ஒரு சிறிய தொழில்நுட்ப மாநாட்டில் சில வருடங்களாக ஆடியோ, வீடியோ மேசையில் உட்காருகிறேன். மேடையில் இருப்பவர் பேசுவார், நான் புரொஜெக்டரையும் சூம் கூட்டத்தையும் ரெக்கார்டிங்கையும் பார்த்துக்கொள்வேன். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் பேச்சாளர்களுக்கு எங்கள் மின்னஞ்சல் போகும். மதியச் சாப்பாடு, பார்க்கிங் பற்றிய தகவல்களுக்கு நடுவே இப்படி இரண்டு வரி அதில் எப்போதும் இருக்கும்:

> திரையைப் பகிர்வதற்கு முன் நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிடுங்கள். தனிப்பட்ட டேப்களை மூடிவிடுங்கள் அல்லது மறைத்துவிடுங்கள்.

எல்லோரும் படிக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் செய்யவும் செய்கிறார்கள். அப்படியும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவருடைய திரையில் ஏதாவது ஒன்று எட்டிப்பார்த்துவிடுகிறது. அவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குறை எங்கள் மின்னஞ்சலில்தான். "நோட்டிஃபிகேஷன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டோம், ஆனால் திரையில் எட்டிப்பார்ப்பவற்றில் சிலவற்றை விண்டோஸ் வரைகிறது, சிலவற்றை ஒரு மென்பொருள் தானே வரைகிறது, சிலவற்றை பிரவுசர் காட்டுகிறது. ஒன்றை அணைக்கும் பொத்தான் இன்னொன்றை அணைக்காது.

ஆகவே ஒத்திகையின்போது ஏதாவது எட்டிப்பார்த்தால் பதறி எல்லாவற்றையும் மூடாதீர்கள். அது எங்கே வந்தது, எப்படி இருந்தது என்று கவனியுங்கள். அதை வரைந்தது யார் என்று தெரிந்துவிட்டால் எந்தப் பொத்தான் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒத்திகையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் திரையை நீங்களே பார்ப்பது ஒத்திகை ஆகாது. சூமிலோ மீட்டிலோ ஒரு கூட்டம் திறந்து, உங்கள் போனிலிருந்து இரண்டாவது ஆளாக அதில் சேருங்கள். லேப்டாப்பில் திரையைப் பகிர்ந்துவிட்டு, பார்வையாளருக்கு என்ன தெரிகிறது என்று போனில் பாருங்கள். அந்த நேரத்தில் தங்கையையோ நண்பரையோ இரண்டு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் யாரையும் தொந்தரவு செய்யத் தேவையில்லை, டெர்மினலில் இதை இட்டால் ஒரு பேனர் வரும்:

```
osascript -e 'display notification "வணக்கம்" with title "சோதனை"'
```

## அறிகுறி: வீட்டில் ஒத்திகையில் எதுவும் வரவில்லை, அரங்கில் மட்டும் பேனர் வந்தது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் நடந்த ஒன்றை அப்படியே சொல்கிறேன்.

தரமணியில் ஒரு கல்லூரி அரங்கம், சனிக்கிழமை காலை. பேச்சாளர் ஒரு பேராசிரியை. விண்டோஸ் 11 லேப்டாப். முந்தைய நாள் வீட்டு டிவியில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகி முழு உரையையும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு மெசேஜ்கூட எட்டிப்பார்க்கவில்லை. ஆகவே மின்னஞ்சலில் சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார், அதில் தவறும் இல்லை.

அரங்கில் குறிப்புகளைப் பார்த்துப் பேச வசதியாக இருக்கட்டும் என்று `Win + P` அழுத்தி `Extend` என்று மாற்றினார். அதாவது லேப்டாப்பில் குறிப்புகள், புரொஜெக்டரில் ஸ்லைடுகள். அதே லேப்டாப்பிலிருந்துதான் சூமிலும் சேர்ந்திருந்தார். பகிரும்போது சூம் இரண்டு திரைகளின் படத்தைக் காட்டும். பழக்கத்தில் முதல் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அது லேப்டாப் திரை.

அரங்கில் இருந்த எங்களுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. பாதி உரையில் ஸ்லைடுகளை நிறுத்திவிட்டு, பிரவுசரை புரொஜெக்டர் பக்கம் இழுத்து ஒரு செயல்விளக்கம் காட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் சூமில் ஒருவர் தட்டினார்: "மேடம், உங்கள் வீட்டு மெசேஜ் தெரிகிறது." குடும்பக் குழுவில் யாரோ ஒருவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றிய செய்தி. அரங்கில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை, வீட்டிலிருந்து பார்த்த அத்தனை பேரும் பார்த்தார்கள், ரெக்கார்டிங்கிலும் ஏறிவிட்டது. சாட்டில் மேலே போய்ப் பார்த்தபோது, இருபது நிமிடம் முன்பே "குறிப்புகள் தெரிகின்றன" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

இடைவேளையில் அவர் கேட்டது ஒன்றுதான்: "நேத்து பண்ணினப்ப ஒண்ணுமே வரலையே தம்பி?"

காரணம் இதுதான். விண்டோஸ் 11-ல் `Settings > System > Notifications` போனால் `Turn on do not disturb automatically` என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் திறந்தால் `When duplicating your display` என்று ஒரு வரி. பெரும்பாலும் அது டிக் செய்யப்பட்டே இருக்கும். லேப்டாப்பில் உள்ளதே டிவியிலும் தெரியும்படி வைத்தால், யாரும் கேட்காமலே விண்டோஸ் பேனர்களை நிறுத்திவிடும். வீட்டில் அவர் `Duplicate` முறையில் ஒத்திகை பார்த்திருந்தார், ஆகவே மெசேஜ்களைத் தடுத்தது இந்த விதி. அரங்கில் `Extend` என்று மாற்றியவுடன் அந்த விதிக்கு வேலை இல்லாமல் போனது. அவரோ தன் கையால் எதையும் அணைத்திருக்கவே இல்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. `Extend` முறையில் விண்டோஸ் பேனரை முதன்மைத் திரையில்தான் காட்டும். முதன்மைத் திரை லேப்டாப். அதனால்தான் அரங்குக்குத் தெரியவில்லை. ஆனால் சூமுக்குப் போனதும் அதே லேப்டாப் திரைதானே.

சரிசெய்வது இரண்டு படி. முதலாவது, தானியங்கி விதியை நம்பாமல் கையால் அணைப்பது. `Win + N` அழுத்தினால் வலது ஓரத்தில் நோட்டிஃபிகேஷன் பட்டியல் திறக்கும். அதன் மேலே உள்ள மணிப் படத்தைத் தட்டினால் `Do not disturb` இயங்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் தூங்கும் மணி தெரிந்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் 10-ல் இதற்கு `Focus assist` என்று பெயர், `Win + A` அழுத்தினால் வரும் பலகையில் இருக்கும்.

இரண்டாவது, பகிரும்போது சரியான திரையைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு படங்களில் எது புரொஜெக்டர் என்று சந்தேகமாக இருந்தால், பகிர்வதற்கு முன்பே ஸ்லைடை புரொஜெக்டரில் ஓடவிடுங்கள். எந்தப் படத்தில் ஸ்லைடு மட்டும் தெரிகிறதோ அதுதான். அன்று மதியத்திலிருந்து ஒவ்வொரு பேச்சாளர் ஆரம்பித்ததும் என் போனில் சூமைத் திறந்து ஒரு நிமிடம் பார்க்க ஆரம்பித்தேன்.

சூம் செயலியிலேயே `Settings > Share Screen` பகுதியில் `Silence system notifications when sharing desktop` என்று ஒரு டிக் உண்டு. அதையும் போட்டு வையுங்கள், நல்லதுதான். ஆனால் சூம் வழியாகப் பகிரும் நேரத்துக்கு மட்டுமே அது காவல். வெறும் கேபிளைச் செருகிப் பேசும் அரங்கில் அதனால் பயன் இல்லை.

## அறிகுறி: தூங்கும் மணி தெரிகிறது, இருந்தும் சிலது மட்டும் வருகிறது

வந்தது வலது கீழ் மூலையில், விண்டோஸ் பேனர் போலவே இருந்ததா? அப்படியென்றால் அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அதே நோட்டிஃபிகேஷன் அமைப்புகளில் `Set priority notifications` என்று ஒன்று இருக்கும். அழைப்புகளையும் நினைவூட்டல்களையும் உள்ளே விடு என்று அங்கே டிக் இருக்கலாம், கீழே சில செயலிகளின் பெயர்களும் இருக்கலாம். பேசும் நாளுக்கு அவற்றை எடுத்துவிடுங்கள்.

வந்தது மூலையில் இல்லாமல், நடுவில் ஒரு தனி விண்டோவாக வந்து உட்கார்ந்ததா? இது வேறு கதை. பழைய அவுட்லுக்கின் நினைவூட்டல் பெட்டி இதற்கு நல்ல உதாரணம். "பல் டாக்டர், 11:30" என்று தலைப்போடு வரும் அந்தப் பெட்டி நோட்டிஃபிகேஷன் கணக்கில் சேராது, அவுட்லுக் திறக்கும் ஒரு சாதாரண விண்டோ அது. `Do not disturb` அதைக் கண்டுகொள்ளாது. சில ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் "உங்கள் சந்தா முடிகிறது" என்று காட்டும் பெட்டியும் இதே ரகம், தானே வரைந்து தானே காட்டும்.

இதற்கு அமைப்புகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அந்தச் செயலியை முழுவதுமாக மூடுங்கள். மேலே உள்ள பெருக்கல் குறியைத் தட்டுவது சில செயலிகளுக்குப் போதாது. கடிகாரத்தின் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால் பின்னணியில் ஒளிந்து ஓடுபவை தெரியும், அங்கே வலது கிளிக் செய்து வெளியேறுங்கள். ஆன்டிவைரஸை மட்டும் மூட வேண்டாம், பலவற்றில் விளையாடும்போதோ படம் பார்க்கும்போதோ பேசாமல் இருக்கும் ஒரு முறை இருக்கும், அதைப் போட்டால் போதும்.

கூகுள் கேலண்டரை டேப்பில் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அதன் நோட்டிஃபிகேஷன் அமைப்பில் `Alerts` என்று வைத்திருந்தால், பேனருக்குப் பதிலாக பிரவுசரே ஒரு பெட்டியைத் திறந்து குறுக்கே நிற்கும். `Off` என்று மாற்றுங்கள், அல்லது அந்த டேப்பை மூடுங்கள்.

## அறிகுறி: பேனர் ஒன்றும் வரவில்லை, ஆனால் பழைய மெசேஜ்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன

இது நாமே திறந்த கதவு. `Do not disturb` போட்டால் மெசேஜ் வருவது நிற்காது, பேனர் காட்டுவதுதான் நிற்கும். வந்தவை எல்லாம் பட்டியலில் சேர்ந்துகொண்டே இருக்கும். பேச்சின் நடுவே "அணைத்தோமா இல்லையா" என்று சந்தேகம் வந்து `Win + N` அழுத்தினால், காலையிலிருந்து வந்தது மொத்தமும் திரையின் வலது பக்கம் விரிந்துவிடும். நேரம் பார்க்க கடிகாரத்தைத் தட்டினாலும் அதேதான். மேக்கிலும் வலது மேல் மூலைக் கடிகாரத்தைத் தட்டினால் இதே பட்டியல்.

மேடை ஏறும் முன் அந்தப் பட்டியலில் `Clear all` தட்டிவிடுங்கள். அதன் பிறகு அதைத் திறக்காதீர்கள். நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது முன்வரிசையில் அட்டை காட்டும் தன்னார்வலரைப் பாருங்கள், அவர் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

## அறிகுறி: அந்த டேப்பை மூடியாகிவிட்டது, ஆனாலும் அந்தத் தளத்திலிருந்து பேனர் வருகிறது

செய்தித் தளம், கிரிக்கெட் ஸ்கோர், கடைகள் எல்லாம் ஏதோ ஒரு நாள் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கும், நாமும் அவசரத்தில் சரி என்று தட்டியிருப்போம். அந்த அனுமதி டேப்போடு போவதில்லை. டேப் மூடியிருந்தாலும், குரோம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தளம் பேனர் அனுப்ப முடியும். குரோமின் முகவரிப் பட்டியில் இதை இட்டால் யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும்:

```
chrome://settings/content/notifications
```

பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். தேவையில்லாதவற்றை நீக்கிவிடுங்கள்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. "மீட்டில் பகிர்ந்தபோது எதுவும் வரவில்லை, சூமில் மட்டும் வந்தது" என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். குரோமுக்குள்ளிருந்தே திரையைப் பகிரும்போது, பகிர்வு நடப்பது குரோமுக்குத் தெரியும். ஆகவே வலைத்தளங்களின் பேனர்களில் உள்ள விஷயத்தை அது மறைத்துவிடும். சூம் செயலி தனி. அது திரையைப் பகிர்வது குரோமுக்குத் தெரியாது, அதனால் மறைக்காது. மீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு சூமில் பேசப்போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒத்திகையை அதே செயலியில் பாருங்கள்.

## அறிகுறி: ஒரு டேப்கூடத் திறக்கவில்லை, ஆனால் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தெரிந்துவிட்டன

டேப்பின் உள்ளே இருப்பதை மறைப்பதில் கவனமாக இருக்கிறோம், தலைப்பை மறந்துவிடுகிறோம். ஜிமெயில் டேப்பின் தலைப்பிலேயே படிக்காத மெயில்களின் எண்ணிக்கையும் உங்கள் முகவரியும் இருக்கும். வாட்ஸ்அப் வெப் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் எண்ணிக்கை வரும். டேப்கள் குறைவாக இருந்தால் தலைப்பு முழுதாகவே படிக்கக் கிடைக்கும். எல்லா டேப்பையும் மூடிவிட்டு இரண்டை மட்டும் விட்டுவைத்தவர்களுக்கு இது இன்னும் மோசம்!

"மறைப்பது" என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டோம், எப்படி என்று எழுதவில்லை. சிலர் டேப்களை ஒரு குழுவாகச் சேர்த்துச் சுருக்கி வைப்பார்கள். கண்ணுக்கு மறையும், ஆனால் பக்கங்கள் உள்ளே திறந்தபடிதான் இருக்கும், குழுவின் பெயரும் தெரியும். "வேலை தேடல்" என்று பெயர் வைத்திருந்த ஒருவரின் மேலாளர் பார்வையாளர்களில் இருந்தார், பாவம். டேப்பைப் பின் செய்தால் தலைப்பு மறைந்து சின்னப் படம் மட்டும் நிற்கும், மவுஸ் அதன்மேல் போனால் தலைப்பு மறுபடி எழும். மூடிவிடுவது மேல்தான், ஆனால் மூடிய பிறகு தவறுதலாக `Ctrl + Shift + T` அழுத்தினால் கடைசியாக மூடியது எழுந்து வந்துவிடும். புது டேப் திறக்க `Ctrl + T` அழுத்த நினைத்துப் பதற்றத்தில் இதை அழுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் முகவரிப் பட்டி. செயல்விளக்கத்துக்காக ஒரு எழுத்தைத் தட்டுகிறீர்கள், கீழே நீங்கள் போய்வந்த தளங்கள் எல்லாம் வரிசை கட்டுகின்றன. "அதற்குத்தான் இன்காக்னிட்டோவில் திறந்தேனே" என்பார்கள். குரோமின் இன்காக்னிட்டோ, அதற்குள் நீங்கள் பார்ப்பதைச் சேமிக்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே சாதாரண விண்டோவில் சேர்ந்திருக்கும் வரலாற்றிலிருந்தும் புக்மார்க்கிலிருந்தும் பரிந்துரைகளை அங்கேயும் காட்டும். திரை பகிர்வுக்கு இன்காக்னிட்டோ சரியான கருவி இல்லை என்பது என் கருத்து.

சரியானது விருந்தினர் விண்டோ. வரலாறு இல்லை, புக்மார்க் இல்லை, எக்ஸ்டென்ஷன் இல்லை, சேமித்த கடவுச்சொல் இல்லை. குரோமின் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தட்டினால் விருந்தினராகத் திறக்கும் வழி இருக்கும். நேராகத் திறக்க வேண்டுமென்றால், விண்டோஸில் `Win + R` அழுத்தி:

```
chrome --guest
```

மேக்கில் டெர்மினலில்:

```
open -na "Google Chrome" --args --guest
```

அலுவலக லேப்டாப்களில் நிர்வாகி இதைத் தடுத்து வைத்திருக்கலாம். விருந்தினர் விண்டோ வரவே இல்லையென்றால் அதுதான் காரணம், வேறு பிழை தேட வேண்டாம்.

விருந்தினர் விண்டோவுக்கு ஒரு குறை உண்டு. எந்தத் தளத்திலும் நீங்கள் உள்ளே நுழைந்திருக்க மாட்டீர்கள். டாஷ்போர்டைக் காட்டப் போனால் லாகின் பக்கம் வந்து நிற்கும். முன்கூட்டி நுழைந்து வைத்தாலும், கடைசி விருந்தினர் விண்டோவை மூடிய நொடியில் எல்லாம் அழிந்துவிடும். அங்கே நின்று கடவுச்சொல் தட்டி, ஓடிபிக்காகப் போனை எடுத்து, அரங்கமே உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம். லாகின் தேவைப்படும் செயல்விளக்கம் என்றால், குரோமில் தனியாக ஒரு புதிய ப்ரொஃபைல் உருவாக்குங்கள். அதில் செயல்விளக்கத்துக்கான கணக்கில் மட்டும் நுழைந்து வையுங்கள். வரலாறு அந்த ப்ரொஃபைலுக்கு மட்டும் தனியாகச் சேரும், கூட்டம் முடிந்தும் இருக்கும், அடுத்த உரைக்கும் உதவும்.

## அறிகுறி: முழுத் திரையைப் பகிரவில்லை, விண்டோவை மட்டும்தான் பகிர்ந்தேன், ஆனாலும் தெரிந்துவிட்டது

பிரவுசர் விண்டோவைப் பகிர்ந்தால் அதில் உள்ள எல்லா டேப்களும் சேர்ந்துதான் போகும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அதுவும் போகும். மற்ற செயலிகள் தெரியாது என்பது மட்டும்தான் விண்டோ பகிர்வு தரும் பாதுகாப்பு.

மீட்டில் குரோம் வழியாகப் பகிரும்போது `Chrome Tab` என்று ஒரு தேர்வு வரும். ஒரே டேப்பின் உள்ளடக்கம் மட்டும் போகும். முகவரிப் பட்டி, மற்ற டேப்களின் தலைப்பு, விண்டோஸ் பேனர் எதுவும் போகாது. வலைத்தளத்தை மட்டும் காட்டப்போகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை.

ஆனால் இதிலிருந்து நேர் எதிரான ஒரு புகார் கிளம்பும்: "நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன், பார்வையாளர்களுக்குப் பழைய பக்கமே தெரிகிறதாம்." நீங்கள் தட்டிய இணைப்பு புது டேப்பில் திறந்திருக்கிறது. பகிர்வு பழைய டேப்பிலேயே நிற்கிறது. புது டேப்பின் மேலே `Share this tab instead` என்று ஒரு பொத்தான் வரும், அதைத் தட்டினால் பகிர்வு இங்கே மாறும்.

பவர்பாயிண்டுக்கும் இதே போல ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. `Slide Show > Set Up Slide Show` போய் `Browsed by an individual (window)` என்று தேர்ந்தெடுங்கள். இப்போது `F5` அழுத்தினால் ஸ்லைடுகள் திரை முழுவதையும் அடைக்காமல் ஒரு விண்டோவுக்குள் ஓடும். அந்த விண்டோவை மட்டும் சூமில் பகிருங்கள். ஒரே திரை இருப்பவர்கள்கூட பக்கத்தில் குறிப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் இது இணையவழிக் கூட்டத்துக்கு மட்டும்தான். அரங்கில் கேபிள் வழியாகப் போவது எப்போதும் முழுத் திரைதான், அங்கே விண்டோ பகிர்வு என்று ஒன்று கிடையாது.

## அறிகுறி: மேக்கில் எல்லாம் சரி, ஆனால் மேடையில் ஏதோ உறுமுகிறது

மேக்கில் `System Settings > Notifications` பகுதியில், திரையைப் பகிரும்போது நோட்டிஃபிகேஷன் காட்டலாமா என்று ஓர் அமைப்பு உண்டு. அது அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையாலும் `Do Not Disturb` போட்டால் போதும்.

உறுமல் மேக்கிலிருந்து வருவதில்லை. பேச்சு மேசைமேல் வைத்த போன் அதிர்கிறது, அதே மேசையில் மைக் ஸ்டாண்டும் இருக்கிறது. போனை சைலன்டில் போட்டாலும் அதிர்வு இருக்கும். என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், அல்லது பையில் போடுங்கள்.

## ஏற்கெனவே தெரிந்துவிட்டது, இப்போது என்ன?

வந்ததைப் படித்துக்காட்டி மன்னிப்புக் கேட்காதீர்கள். பார்க்காதவர்களும் அதனால்தான் பார்ப்பார்கள். பகிர்வை நிறுத்துங்கள், சரிசெய்யுங்கள், மறுபடி பகிருங்கள். பத்து நொடி மௌனத்தை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தெரிந்தது கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ என்றால் உரை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரங்கில் இருக்கும் சக ஊழியரிடம் சொல்லி அப்போதே அதை மாற்றச் செய்யுங்கள். யார் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. யூடியூப் நேரலையில் பின்னால் தள்ளிப் பார்க்கும் வசதி இருந்தால், நீங்கள் பகிர்வை நிறுத்திய பிறகும் அந்த நொடியைத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

ஏற்பாட்டாளரிடம் "ஏதோ தெரிந்துவிட்டது, வெட்டிவிடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல் நேரத்தைச் சொல்லுங்கள்: "பத்து நாற்பது வாக்கில், செயல்விளக்கம் ஆரம்பித்ததும்." இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. யூடியூப்பின் எடிட்டரில் வெட்டவும் மங்கலாக்கவும் முடியும், ஆனால் 6 மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோவில் அந்த மாற்றங்களைச் சேமிக்க முடியாமல் போகும். காலையிலிருந்து மாலைவரை ஒரே நேரலையாக விட்டால் எளிதாக அந்த அளவைத் தாண்டிவிடும். அந்தப் பேராசிரியைக்கு நாங்கள் செய்தது, முழு நாள் நேரலையை உடனே தனிப்பட்டதாக மாற்றிவிட்டு, எங்கள் மேசையில் பதிவான கோப்பிலிருந்து அவர் உரையை மட்டும் எடுத்து, அந்தப் பகுதியை நீக்கித் தனியாக ஏற்றினோம். அடுத்த முறையிலிருந்து மதிய இடைவேளையில் நேரலையை நிறுத்தி, புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோம்.

## அறிகுறி: ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மெசேஜும் வரவில்லை

லேப்டாப் கெட்டுவிட்டதா, நெட் போய்விட்டதா என்று கேட்டு எனக்கே அழைத்திருக்கிறார்கள். தூங்கும் மணி இன்னும் கடிகாரத்தின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். கையால் போட்ட `Do not disturb` கையால் எடுக்கும்வரை இருக்கும். `Win + N`, மணியைத் தட்டுங்கள். இப்போது பட்டியலைத் திறந்தால் பரவாயில்லை, யாரும் பார்க்கவில்லை.